க்ளோஸ்டு லூப் போல், ரௌத் டேபிள், K-ஓட ரேஞ்ச்: ஒரே கணக்கை கடைசி வரைக்கும் போட்டுப் பாப்போம்

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல 13 மார்க் கேள்வி ஒண்ணு எப்படியும் இந்த மாதிரி வந்து நிக்கும். யூனிட்டி ஃபீட்பேக் சிஸ்டம், ஃபார்வர்டு பாத்துல

```
G(s) = K / [ s (s+2)(s+4) ]
```

க்ளோஸ்டு லூப் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்ன, சிஸ்டம் ஸ்டேபிளா இருக்க K எதுலேர்ந்து எது வரைக்கும் இருக்கலாம், ஆசிலேட் ஆகுற K என்ன, அப்போ ஃப்ரீக்வென்சி எவ்ளோ. அவ்ளோதான் கேள்வி. இதை மட்டும் எடுத்து ஆரம்பத்துலேர்ந்து போடப்போறேன், பத்து கணக்கை மேலோட்டமா பாக்குறதை விட ஒரு கணக்கை நாலு பக்கமும் திருப்பிப் பாத்தா ஹால்ல மாத்திக் கேட்டாலும் சமாளிக்கலாம்.

இதை வெறும் s-ஆ பாக்காம ஒரு பொசிஷன் சர்வோன்னு நெனச்சுக்கோங்க. மோட்டார் ஒரு ஷாஃப்டை குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்பி நிறுத்தணும். கீழ இருக்குற தனி s எதுக்குன்னா, கோணம்ங்கிறது வேகத்தோட இன்டக்ரல். (s+2) மோட்டாரோட மந்தம், டைம் கான்ஸ்டன்ட் 0.5 செகண்ட். (s+4) நடுவுல இருக்குற இன்னொரு மந்தம், 0.25 செகண்ட். K தான் ஆம்ப்ளிஃபையர் கெயின், நம்ம கையில இருக்குற குமிழ் அது ஒண்ணுதான்.

முதல் வேலை: க்ளோஸ்டு லூப்புக்குப் போறது

ஃபார்முலா எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒரு தடவை வரவழைச்சுட்டா மறக்காது. எரர் E = R − C, அவுட்புட் C = G·E. ரெண்டையும் சேத்தா C(1+G) = G·R, அதனால C/R = G/(1+G). ஃபீட்பேக் பாத்துல H இருந்தா எரர் R − H·C ஆயிடும், அப்போ C/R = G/(1+GH). மேல G மட்டும்தான், GH கெடையாது. இதை இப்பவே மனசுல வெச்சுக்கோங்க, கடைசில இது பெரிய வேலை பண்ணப்போகுது.

இப்போ G-ஐ உள்ள போட்டு, மேலயும் கீழயும் s(s+2)(s+4)-ஆல பெருக்கிடுங்க:

```
T(s) = K / [ s(s+2)(s+4) + K ]
     = K / ( s³ + 6s² + 8s + K )
```

இங்க நெறைய பேர் பண்ற தப்பு கீழ அந்த +K-ஐ விட்டுட்டு ஓபன் லூப் டினாமினேட்டரையே எழுதிட்டுப் போறது. கண்டுபிடிக்க ஒரு ஈஸியான செக் இருக்கு, s = 0 போட்டுப் பாருங்க, T(0) = K/K = 1 வரணும். G-ல இன்டக்ரேட்டர் இருக்குற யூனிட்டி ஃபீட்பேக் சிஸ்டம்னா டிசி கெயின் 1 தான். வேற எதாவது வந்தா மேல எங்கயோ அல்ஜீப்ரா போச்சு, அங்கேயே திருத்திட்டு கீழ எறங்குங்க, ஏன்னா இதுக்கு அப்புறம் வர எல்லாமே இந்த ஒரு வரி மேலதான் நிக்குது.

கீழ இருக்குற பாலினாமியலை ஜீரோவுக்குச் சமம்னு எழுதினா அதுதான் கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன், அதோட ரூட்டுகள்தான் க்ளோஸ்டு லூப் போல்கள்.

போல் எதுக்கு பாக்குறோம்

p-ங்கிற எடத்துல ஒரு போல் இருந்தா ரெஸ்பான்ஸுக்குள்ள e^(pt)-ன்னு ஒரு துண்டு இருக்கும். p-யோட ரியல் பார்ட் நெகட்டிவ்வா இருந்தா அது நேரம் ஆக ஆக செத்துடும், பாசிட்டிவ்னா வளந்துக்கிட்டே போகும். இமேஜினரி பார்ட் இருந்தா அந்த ஃப்ரீக்வென்சில ஆடிக்கிட்டே சாகும், இல்ல ஆடிக்கிட்டே வளரும். எல்லா போலும் இடது பாதில இருந்தாதான் சிஸ்டம் ஸ்டேபிள், ஒரே ஒரு போல் வலது பக்கம் தாண்டினாலும் மொத்தமும் போச்சு.

இதுல குழப்பம் எங்க வருதுன்னா, கேள்வியில குடுத்த G-யோட போல்கள் 0, −2, −4. அதைப் பாத்துட்டு எல்லாம் இடது பக்கம்தானே ஒண்ணு மட்டும் ஒரிஜின்ல, அதனால மார்ஜினலி ஸ்டேபிள்னு எழுதிட்டு வந்துடுறாங்க. அது லூப்பை மூடுறதுக்கு முன்னாடி இருந்த போல். லூப்பை மூடின அப்புறம் போல்கள் வேற எடத்துக்குப் போயிடும், எங்க போகும்ங்கிறதை K முடிவு பண்ணும். சும்மா நல்லா இருந்த மோட்டாரை ஃபீட்பேக் போட்டு நாமளே ஆட வெக்க முடியும்.

ரௌத் டேபிள்

K எழுத்தா இருக்குறதால ரூட் கண்டுபிடிக்க முடியாது, அதனால ரூட்டைக் கண்டுபிடிக்காமலேயே எத்தனை ரூட் வலது பக்கம்னு சொல்ற ரௌத் டேபிள். முதல் வரியில ஒண்ணு விட்டு ஒண்ணு கோஎஃபிஷியன்ட், ரெண்டாவது வரியில விட்டுப்போனது:

```
s³ |  1          8
s² |  6          K
s¹ | (48−K)/6    0
s⁰ |  K
```

மூணாவது வரி எப்படி வந்துச்சுன்னா (6×8 − 1×K)/6. எப்பவும் மேல் வரியோட முதல் எண்ணால வகுக்கணும், கழிக்கிற ஆர்டர் மாறிட்டா சைன் மொத்தமும் தலைகீழாயிடும். கடைசி வரில எப்பவுமே பாலினாமியலோட கடைசி எண் அப்படியே வந்து உக்காரும், வரலைன்னா நடுவுல தப்பு.

முதல் காலம், அதாவது டேபிள்ல மேலேர்ந்து கீழ வர முதல் வரிசை, முழுக்க ஒரே சைனா இருக்கணும். 1, 6 பாசிட்டிவ், (48−K)/6 பாசிட்டிவ் ஆகணும்னா K < 48, கடைசி வரி பாசிட்டிவ் ஆகணும்னா K > 0. ஆக 0 < K < 48. இதுல K > 0-ங்கிறதை எழுதாம K < 48 மட்டும் எழுதினா ஆன்சர் பாதிதான், K = −5 போட்டாலும் ஸ்டேபிள்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும்.

மூணாம் டிகிரிக்கு டேபிளே போடாம செக் பண்ணலாம், எல்லா கோஎஃபிஷியன்ட்டும் பாசிட்டிவ்வா இருந்து, நடு ரெண்டையும் பெருக்கினது ஓரத்து ரெண்டையும் பெருக்கினதை விடப் பெருசா இருக்கணும். 6×8 > 1×K. எல்லா கோஎஃபிஷியன்ட்டும் பாசிட்டிவ்ங்கிறது மட்டும் போதாதுன்னு இதுலயே தெரியுது, K = 105 போட்டாலும் எல்லாம் பாசிட்டிவ்தான், ஆனா சிஸ்டம் காலி. (மூணாம் டிகிரி நிபந்தனையை மேக்ஸ்வெல் 1868-லேயே நீராவி இன்ஜின் கவர்னர் பத்தின கட்டுரையில போட்டுட்டாரு, எல்லா டிகிரிக்கும் பொதுவா பண்ண அவருக்கு வரலை. அதை 1877-ல பண்ணினது ரௌத். 1854-ல கேம்பிரிட்ஜ் கணக்குத் தேர்வுல ரௌத் முதல், மேக்ஸ்வெல் ரெண்டாவது, ரெண்டு பேரும் ஒரே பேட்ச்.)

K = 48-ல என்ன நடக்குது

K = 48 போட்டா s¹ வரி முழுக்க ஜீரோ ஆயிடும். வரி முழுக்க ஜீரோ ஆனா ஒரிஜினைச் சுத்தி சமச்சீரா உக்காந்திருக்குற போல்கள் இருக்குன்னு அர்த்தம், இந்தக் கணக்குல அது jω ஆக்ஸிஸ் மேல ஒரு ஜோடி. அப்போ அதுக்கு மேல இருக்குற வரியை எடுத்து ஆக்ஸிலரி ஈக்வேஷன் எழுதணும். s² வரியில 6, 48 இருக்கு, அந்த வரியில பவர் ரெண்டு ரெண்டா கொறையும், அதனால

```
6s² + 48 = 0   →   s = ± j2.83
```

இதை 6s² + 48s-ன்னு எழுதி s = −8-ன்னு ஆன்சர் கொண்டுவந்த பேப்பர்களை நீங்க பாத்திருப்பீங்க, ரெண்டாவது எண் s⁰-க்குச் சொந்தம். ஆசிலேஷன் ஃப்ரீக்வென்சி செகண்டுக்கு 2.83 ரேடியன், ஹெர்ட்ஸ்ல கேட்டா 2π-ஆல வகுத்து 0.45. யூனிட் எதுல கேட்டிருக்காங்கன்னு கேள்வியை மறுபடி ஒரு தடவை படிங்க, கேட்-ல நம்பர் டைப் பண்ற கேள்வியா வந்தா இதுலயே மார்க் போயிடும்.

இன்னொண்ணு, வரி முழுக்க ஜீரோவும் முதல் எண் மட்டும் ஜீரோவும் ஒண்ணு கெடையாது. முதல் எண் மட்டும் ஜீரோவாகி பக்கத்துல வேற எண் இருந்தா அங்க ε போட்டு மேற்கொண்டு போகணும், ஆக்ஸிலரி ஈக்வேஷன் கெடையாது. நம்ம கணக்குல s¹ வரியில இருக்குறதே ஒரு எண்தான், அதனால அது ஜீரோ ஆனாலே வரி முழுக்க ஜீரோ.

நம்பர் போட்டு போலை நேர்ல பாக்கலாம்

ரேஞ்ச் கெடச்சதும் நிறுத்திடுறாங்க, ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு புரியுறது இங்கதான். நாலு K எடுத்து ரூட் கண்டுபிடிச்சேன், முழு எண் ரூட் ஒண்ணாவது வர மாதிரி K-ஐ தேர்ந்தெடுத்திருக்கேன், நீங்களும் கையாலேயே சிந்தெடிக் டிவிஷன் போட்டுப் பாக்கலாம்.

K = 3-ல s = −1 ஒரு ரூட், மிச்சம் s² + 5s + 3, போல்கள் −0.70, −1, −4.30. மூணும் ரியல், ஆட்டமே இருக்காது, மெதுவா ஊர்ந்து போய் சேரும். K = 15-ல s = −5 ரூட், மிச்சம் s² + s + 3, அதாவது −0.5 ± j1.66. இப்போ ஆட ஆரம்பிச்சாச்சு. −5-ல இருக்குறது பத்து மடங்கு தள்ளி இருக்குறதால அதை விட்டுட்டு செகண்ட் ஆர்டரா நெனச்சா டேம்பிங் ரேஷியோ 0.5/1.73 = 0.29, ஓவர்ஷூட் கிட்டத்தட்ட 39%, செட்டில் ஆக 4/0.5 = 8 செகண்ட். K = 48-ல −6, ± j2.83, நிக்காம ஆடும். K = 105-ல s = −7 ரூட், மிச்சம் s² − s + 15, போல்கள் 0.5 ± j3.84, வலது பக்கம் ரெண்டு. டேபிள்ல போட்டாலும் s¹ வரி (48−105)/6 = −9.5, முதல் காலம் 1, 6, −9.5, 105, சைன் ரெண்டு தடவை மாறுது, ரெண்டு போல். சரியா பொருந்துது பாத்தீங்களா.

இப்போ ஒவ்வொரு K-லயும் மூணு போலையும் கூட்டிப் பாருங்க. −0.70−1−4.30 = −6. −5−0.5−0.5 = −6. K = 48-ல −6. −7+0.5+0.5 = −6. எப்பவும் −6 தான், ஏன்னா s² கோஎஃபிஷியன்ட் 6, அதுல K கெடையாது. G-ல டினாமினேட்டர் டிகிரி நியூமரேட்டரை விட ரெண்டோ அதுக்கு மேலயோ அதிகமா இருந்தா இது எப்பவுமே நடக்கும். ஹால்ல ரூட் கண்டுபிடிச்ச ஒடனே கூட்டிப் பாத்தா அஞ்சு செகண்ட்ல தப்பு தெரிஞ்சிடும். அதை விட முக்கியம், K ஏறும்போது ஏன் கெட்டுப்போகுதுன்னும் இது சொல்லுது, ஒரு போல் இடது பக்கம் −5, −6, −7-ன்னு ஓடுது, கூட்டுத்தொகை மாறக்கூடாது, அதனால மத்த ரெண்டும் வலது பக்கம் நகந்தே ஆகணும்.

வீட்ல சரிபாக்க பைத்தான் இருந்தா ரெண்டு வரி போதும்:

```
import numpy as np
print(np.roots([1, 6, 8, 105]))
```

மார்க் போற எடம்: ராம்ப் எரர்

இதே கேள்விக்கு கீழ ஒரு பிட் சேத்துக் கேப்பாங்க, யூனிட் ராம்ப் குடுத்தா ஸ்டெடி ஸ்டேட் எரர் 0.1 இருக்கணும், K என்ன. கை தானா ஓடும், Kv = s·G(s)-ஐ s → 0-ல பாத்தா K/8, எரர் 8/K = 0.1, அதனால K = 80. பாக்ஸ் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க.

ஆனா 80-ங்கிறது 48-ஐத் தாண்டிடுச்சு. அந்த K-ல போல் வலது பக்கம் இருக்கு, அவுட்புட் ஆடி ஆடி வளந்துக்கிட்டே போகும், அங்க ஸ்டெடி ஸ்டேட்டே கெடையாது. எரர் கண்டுபிடிக்க நாம பயன்படுத்துற ஃபைனல் வேல்யூ தியரம், sE(s)-ஓட எல்லா போலும் இடது பாதில இருந்தாதான் செல்லும். ஃபார்முலா ஒரு நம்பரைக் குடுத்துடும், அது செல்லுமா செல்லாதான்னு அது சொல்லாது. அதனால எரர் கேள்வி வந்தா முதல்ல ரேஞ்ச், அப்புறம் எரர். இந்த சிஸ்டத்துல K-ஐ மட்டும் வெச்சு எரரை 8/48, அதாவது 0.167-க்கு கீழ கொண்டுவரவே முடியாது, ஆன்சர் ஷீட்ல அப்படியே காரணத்தோட எழுதணும், அதுக்குத்தான் மார்க்.

அப்போ எப்படி 0.1 வாங்குறது

K = 80-ஐ வெச்சுக்கிட்டு (1 + Td·s) ஒண்ணை லூப்புக்குள்ள சேக்கலாம். ரெண்டு எடத்துல வெக்கலாம், ஃபார்வர்டு பாத்துல வெச்சா பிடி கன்ட்ரோலர், ஃபீட்பேக் பாத்துல H-ஆ வெச்சா டேக்கோ ஃபீட்பேக், மோட்டார் வேகத்தையும் சேத்து திருப்பி அனுப்புற மாதிரி. எங்க வெச்சாலும் GH பெருக்கம் ஒண்ணுதான், அதனால கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் ரெண்டுக்கும் ஒண்ணு:

```
s³ + 6s² + (8 + 80Td)s + 80 = 0
6(8 + 80Td) > 80   →   Td > 0.067
```

Td = 0.25 எடுத்துக்கலாம், s³ + 6s² + 28s + 80 = (s+4)(s² + 2s + 20). போல்கள் −4, −1 ± j4.36. கூட்டினா −6, சரி. ரெண்டு அமைப்புமே ஸ்டேபிள், போலும் ஒண்ணு, அதனால ரெண்டும் ஒண்ணுதான்னு தோணும், ஆனா இல்ல. ஆரம்பத்துல சொன்ன G/(1+GH)-ஐ எடுங்க, மேல G மட்டும்.

```
பிடி:    T = 20(s+4) / [(s+4)(s²+2s+20)]
டேக்கோ: T = 80 / [(s+4)(s²+2s+20)]
```

ராம்ப் எரரை Kv ஃபார்முலா இல்லாம நேரா 1 − T-லேர்ந்து எடுங்க, யூனிட்டி ஃபீட்பேக் இல்லாத எடத்துல Kv = lim s·GH போட்டா தப்பா வரும். பிடி-க்கு 1 − T-ஓட நியூமரேட்டர் s³ + 6s² + 8s, அதனால எரர் 8/80 = 0.1. டேக்கோவுக்கு நியூமரேட்டர் s³ + 6s² + 28s, எரர் 28/80 = 0.35. டேக்கோல வேகத்தையே கழிச்சு அனுப்புறோம், ராம்ப்ல ஷாஃப்ட் ஒரே வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கும், அதனால Td அளவுக்கு எரர் எப்பவும் கூட நிக்கும், 0.1 + 0.25. கேட்டது 0.1-னா பிடி தான் ஆன்சர்.

பிடி-ல (s+4) மேலயும் கீழயும் கேன்சல் ஆகி 20/(s²+2s+20) மட்டும் மிஞ்சுது, இது −4, இடது பக்கம், அதனால ஒண்ணும் ஆகாது. ஆனா கேள்வியில பிளான்ட்டுக்கு (s−1) போல் குடுத்து கன்ட்ரோலர்ல (s−1) ஜீரோ குடுத்திருந்தா G-லேயே அடிச்சுட்டுப் போயிடாதீங்க, அந்த போல் அவுட்புட் ஃபார்முலால தெரியாதே தவிர உள்ள உக்காந்து வளந்துக்கிட்டே இருக்கும். 1 + GH-ஐ கேன்சல் பண்ணாம விரிச்சு எழுதிட்டுதான் ரௌத் டேபிளுக்குப் போகணும், அப்போ s = 1 ரூட் தானா வெளிய வரும்.

கடைசியா, இந்த பிடி அமைப்பு ஸ்டேபிள்தான், எரரும் கெடச்சிடுச்சு, ஆனா டேம்பிங் ரேஷியோ 1/4.47 = 0.22, ஸ்டெப் குடுத்தா ஓவர்ஷூட் 49% கிட்ட வரும். ஓவர்ஷூட் லிமிட்டும் சேத்துக் கேட்டிருந்தா Td = 0.25-ல நிறுத்தாம வேற Td தேடணும், அப்போ கேன்சலேஷன் நடக்காது, ஜீரோவும் போலும் ரெண்டுமே உள்ள இருக்கும், செகண்ட் ஆர்டர் ஃபார்முலாவை அப்படியே போட முடியாது. கேக்கலைன்னா இங்கேயே பேனாவை வெச்சுடலாம்.